சிவந்த கோடு, வெளுத்த கோடு: மூவருக்கும் ஒரே க்ரீம் ஆகுமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஒரே வருஷத்தில் 11 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டான். இடுப்புக்கு மேலே, முதுகில் குறுக்காக ஆறேழு கோடுகள் கருஞ்சிவப்பாக வந்திருக்கின்றன. உடற்பயிற்சி ஆசிரியர் பார்த்துவிட்டு, "வீட்டில் யாராவது அடித்தார்களா?" என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். எனக்கு 41 வயது. அவன் பிறந்தபோது வயிற்றில் வந்த கோடுகள் வெளுத்துப்போய் அப்படியே இருக்கின்றன. சமீபத்தில் 12 கிலோ எடை குறைத்த பிறகு இன்னும் அதிகமாகத் தெரிகின்றன. தோழி சொன்னதால் ட்ரெட்டினாயின் க்ரீம் வாங்கி இரண்டு மாதமாகத் தடவுகிறேன். எரிச்சல்தான் மிச்சம். அதை மகனுக்குத் தடவலாமா? ஆறு மாதக் கர்ப்பமாக இருக்கும் என் தங்கையும் அதையே கேட்கிறாள். அவளுக்கும் வயிற்றில் கோடுகள் ஆரம்பித்திருக்கின்றன.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த க்ரீமை உங்கள் தங்கை தடவக் கூடாது. ஏற்கெனவே ஓரிரு முறை தடவியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. தோல் வழியாக உடலுக்குள் போகும் அளவு மிகக் குறைவு. ஆனால் ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. அந்தக் குடும்பத்தின் மாத்திரைகள் கருவிலிருக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறைகளை உண்டாக்கும் என்பது உறுதியாகத் தெரியும். அதனால் பூசும் மருந்தையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்கிறோம். அடுத்த முறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போது, தடவியிருந்தால் அதை அவரிடம் சொல்லிவிடட்டும்.

உங்களுக்கும் மகனுக்கும் பதில் வேறு வேறு. மூன்று பேருக்கும் வந்திருப்பது ஸ்ட்ரெட்ச் மார்க் என்ற ஒரே வகைத் தழும்புதான். ஆனால் அதன் வயது ஒன்றல்ல. வளர்ச்சியால் வந்ததா, கர்ப்பத்தால் வந்ததா, எடை கூடியதால் வந்ததா என்பதைவிட, வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதைப் பார்த்துத்தான் எந்தச் சிகிச்சை பலன் தரும் என்று சொல்ல முடியும். அதற்கான காரணம் தோலுக்குள்ளே இருக்கிறது.

நாம் தொட்டுப் பார்க்கும் மேல்தோல் மிக மெல்லியது. வயிற்றில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தோலுக்குப் பலம் தருவது அதற்கடியில் இருக்கும் உள்தோல். அங்கே கொலாஜன் நார்கள் கயிற்றுப் பின்னல் போல எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே எலாஸ்டின் நார்கள் இருக்கின்றன. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது இவற்றின் வேலை. உடல் மெதுவாகப் பருத்தால் புதிய நார்கள் உண்டாகி, தோல் ஈடுகொடுத்துவிடும். மாதக் கணக்கில் வேகமாக விரியும்போது உற்பத்தி பின்தங்குகிறது. நார்கள் சிதைந்து அறுபடுகின்றன. ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டு. கார்ட்டிசோல் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொலாஜன் உற்பத்தியை மட்டுப்படுத்தும். பருவ வயதிலும் கர்ப்பத்திலும் ஹார்மோன் மாற்றமும் விரிவும் ஒன்றாகச் சேர்ந்து வருவதால்தான் அந்த இரண்டு காலங்களிலும் கோடுகள் அதிகம். பரம்பரையும் கூட வரும். அம்மாவுக்கு இருந்தால் மகனுக்கும் மகளுக்கும் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

மேல்தோல் கிழிவதில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் ரத்தம் வருவதில்லை, பொருக்கு கட்டுவதில்லை. எண்ணெய், வெண்ணெய் வகைகள் எதை எவ்வளவு தேய்த்தாலும் பெரிதாக மாறாததற்கும் அதுவே காரணம். அவை மேல்தோலை மென்மையாக்கும். காயம் இருப்பதோ ஒரு மாடி கீழே.

நார்கள் அறுபட்ட முதல் மாதங்களில் அந்த இடத்தில் அழற்சி இருக்கும். உள்ளே இருக்கும் சிறு ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். கோடு சிவந்தோ ஊதாவாகவோ, லேசாகப் புடைத்தோ இருப்பதும், சிலருக்கு அரிப்பதும் இதனால்தான். இந்தக் கட்டத்தில் தோல் இன்னும் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் இது நீடிக்கும். பிறகு ரத்தக்குழாய்கள் குறைந்துவிடும். பின்னலாக இருக்க வேண்டிய கொலாஜன், தோலின் பரப்புக்கு இணையாக ஒரே திசையில் மெல்லிய இழைகளாகப் படிந்துவிடும். மேல்தோலும் மெலிந்து, நிறம் தரும் மெலனினும் குறையும். அதுதான் வெளுத்த, சற்றே பள்ளமான, பளபளப்பான கோடு. முதலாவதை ஆறிக்கொண்டிருக்கும் புண் என்றும் இரண்டாவதை ஆறி முடிந்த தழும்பு என்றும் நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

சிவப்பு என்ற சொல் மாநிறத் தோலில் கொஞ்சம் ஏமாற்றும். வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்பாகத் தெரியும் புதுக்கோடு, மாநிறத்திலும் கருநிறத்திலும் கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ, சுற்றுத்தோலைவிடக் கரும்பழுப்பாகவோதான் தெரியும். 'கறுப்பாக இருக்கிறது, பழசாகிவிட்டது போல' என்று விட்டுவிடுபவர்கள் பலர். அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அளவுகோலைக் கோட்டின் மேல் ஐந்து விநாடி அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது நிறம் வெளிறி, எடுத்ததும் திரும்பி வந்தால் ரத்தக்குழாய்கள் இன்னும் அங்கே இருக்கின்றன என்று அர்த்தம், கோடு புதியது. மிகவும் கருத்த தோலில் இந்த மாற்றம் தெரியாமல் போகலாம். அப்போது கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் குறுக்கே தடவுங்கள். புதியது மட்டமாக அல்லது துளி மேடாக இருக்கும். பழையது விரலுக்கு இறங்கினாற்போல் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, இருபுறமும் தோலை லேசாக நெருக்கினால் பழைய கோட்டில் கசக்கிய மெல்லிய காகிதம் போலச் சுருக்கம் விழும். ஒரே வயிற்றில் இரண்டு வகையும் இருக்கலாம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இது சகஜம்.

இனி உங்கள் மகன். பையன்களுக்கு வளர்ச்சி வேகத்தில் கோடு விழும் வழக்கமான இடமே இடுப்புக்கு மேலான முதுகுதான். முதுகெலும்பு நீளும்போது அங்கே தோல் மேலும் கீழுமாக இழுபடுகிறது. கோடு எப்போதும் இழுவிசைக்குக் குறுக்காக விழும் என்பதால் அது படுக்கைவாட்டில் வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு இதே வயதில் தொடை, பிட்டம், மார்பகம் ஆகிய இடங்களில் வரும். எடைப் பயிற்சியில் வேகமாகத் தசை ஏற்றும் இளைஞர்களுக்குத் தோளின் முன்பக்கத்தில், அக்குள் மடிப்பை ஒட்டி வரும்.

ஆசிரியர் கேட்டதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுகில் குறுக்காக விழும் இந்தக் கோடுகள் பிரம்படி போலத் தெரிந்து மருத்துவர்களையே குழப்பியிருக்கின்றன. ஆனால் வேறுபாடு தெளிவானது. அடிபட்ட இடம் தொட்டால் வலிக்கும். சில நாட்களிலேயே நீலம், பச்சை, மஞ்சள் என நிறம் மாறிக்கொண்டே வந்து மறைந்துவிடும். ஸ்ட்ரெட்ச் மார்க் வலிக்காது, முதுகெலும்பின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். பல வாரங்கள் கழித்துப் பார்த்தாலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கும். மருத்துவர் பார்த்து எழுதிய ஒரு வரிக் குறிப்பை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பையனுக்கும் சங்கடம் தீரும்.

க்ரீம் பற்றி முடிவு செய்யும் முன் அவனிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். தொடை இடுக்கிலோ அக்குளிலோ படர்தாமரைக்கு, அரிப்புக்கு, நிறம் வெளுப்பதற்கு என்று ஏதாவது க்ரீம் தானாகவே வாங்கித் தடவுகிறானா? பல க்ரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். மடிப்புகளில் தோல் மெல்லியது. தோலோடு தோல் ஒட்டியிருப்பதால் மருந்து கூடுதலாக உறிஞ்சப்படும். சில வாரங்கள் தடவினாலே அகலமான சிவந்த கோடுகள் விழுந்துவிடலாம், அவை முழுதாகப் போவதில்லை. உங்கள் மகனுக்கு முதுகில்தான் கோடு என்பதால் இதற்கான சந்தேகம் குறைவு. ஆனாலும் இந்த வயதுப் பையன்கள் சொல்லாமல் மறைக்கிற விஷயம் இது; அதட்டாமல் கேளுங்கள்.

உடலுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோயிலும் கோடுகள் வரும். அவை ஒரு சென்டிமீட்டருக்கும் அதிக அகலத்தில், ஆழ்ந்த ஊதா நிறத்தில், பெரும்பாலும் வயிற்றில் இருக்கும். கூடவே முகம் உருண்டு போகும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது தொடையில் பலமில்லாமல் இருக்கும். பிள்ளைகளிடம் இன்னும் நல்ல அடையாளம் ஒன்று உண்டு: எடை ஏறும், உயரம் ஏறாது. ஒரு வருடத்தில் 11 சென்டிமீட்டர் வளர்ந்த பையனுக்கு அந்தக் கவலை வேண்டாம். அவனை மருத்துவர் பார்க்கும்போது கையை விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றதுவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த நீளம் உயரத்தைவிடக் கணிசமாக அதிகமாக இருந்து, விரல்களும் மிக நீளமாக, நெஞ்செலும்பு உள்வாங்கியோ துருத்தியோ, கிட்டப்பார்வை அதிகமாகவோ இருந்தால், இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மார்ஃபன் என்ற பரம்பரைக் குறைபாடு உண்டா என்று பார்ப்பார்கள். அது அரிது. இருந்தால் இதயத்தையும் பெருந்தமனியையும் பரிசோதிக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

இவை எதுவும் இல்லையென்றால், அவன் முதுகுக்கு ஒன்றும் செய்யாமல் விடுவது முழுக்கச் சரியான முடிவு. வளர்ச்சி வேகம் தணிந்த பின் பருவ வயதுக் கோடுகள் கணிசமாக மங்கிவிடுகின்றன. அதுவும் முதுகில் இருப்பதை அவனே பார்ப்பதில்லை. அவனுக்கு அது உறுத்தலாக இருந்து, அவனே சிகிச்சை வேண்டும் என்றால், ட்ரெட்டினாயின் பயன்படும் கட்டம் இதுதான். ஆனால் உங்கள் டியூபிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவன் வயதுக்கும் தோலுக்கும் ஏற்ற வீரியத்தை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், புதிய சிவந்த கோடுகளில் 0.1 சதவீத ட்ரெட்டினாயினைத் தினமும் 24 வாரம் தடவினார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அளந்து பார்த்தபோது கோட்டின் நீளம் சராசரியாக 14 சதவீதமும் அகலம் 8 சதவீதமும்தான் குறைந்திருந்தன. அதாவது 10 சென்டிமீட்டர் கோடு 8.6 சென்டிமீட்டர் ஆகும். 5 மில்லிமீட்டர் அகலம் 4.6 ஆகும். மறையாது, மங்கும். இதைத் தெரிந்துகொண்டு ஆரம்பிப்பவர்கள்தான் ஆறு மாதம் பொறுமையாகத் தடவுகிறார்கள்.

தடவும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஆய்வில் பயன்படுத்திய வீரியத்தில் நேராக ஆரம்பித்தால் தோல் உரிந்து எரியும். மாநிறத் தோலில் அந்த எரிச்சலே கறுப்பாகப் படிந்துவிடும். அதனால் நாங்கள் வழக்கமாக 0.025 அல்லது 0.05 சதவீதத்தில், மூன்று நாளுக்கு ஒரு இரவு என்று தொடங்குகிறோம். இரண்டு வாரம் தாங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இன்னும் இரண்டு வாரம் கழித்துத் தினமும். குளித்தவுடன் ஈரத்தோலில் தடவக் கூடாது; நன்றாகக் காய்ந்து இருபது நிமிடமாவது போக வேண்டும். சுட்டுவிரலின் முதல் மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கிய க்ரீம் இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்குப் போதுமானது. ஆறேழு கோடுகளுக்கு அதில் பாதி போதும். கோட்டின் மேல் மட்டும் மெல்லியதாகப் பூச வேண்டும். மேலே வாசனையில்லாத ஈரப்பதக் க்ரீம் தடவலாம். லேசான உரிதல் எதிர்பார்த்ததுதான். உடை பட்டாலே எரிகிற அளவுக்குச் சிவந்தால் மூன்று நான்கு நாள் நிறுத்திவிட்டு, இடைவெளியைக் கூட்டித் தொடர வேண்டும். சட்டையில்லாமல் வெயிலில் விளையாடுவதும் நீச்சலும் இருந்தால், அந்த இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீன் வேண்டும்.

ஆரம்பிக்கும் நாளில் கோட்டின் பக்கத்தில் அளவுகோலை வைத்து, அதே அறையில், அதே விளக்கில், அதே தூரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். 12-வது வாரமும் 24-வது வாரமும் அப்படியே எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு 14 சதவீதம் தெரியாது. 12-வது வாரத்தில் படத்தில் நிறமோ அகலமோ எதுவுமே மாறவில்லை என்றால் மேலும் தொடர்வதில் பலன் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது உங்களுக்கு ஏன் எரிச்சல் மட்டும் மிஞ்சியது என்பதற்கு வருகிறேன். கொலாஜனைச் சிதைக்கும் என்சைம்களை அடக்குவதும், புதிய கொலாஜன் உண்டாக்கும்படி செல்களைத் தூண்டுவதும்தான் இந்த மருந்தின் வேலை. 15 வருடம் ஆன கோட்டில் சிதைவு எப்போதோ முடிந்துவிட்டது. தடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, தூண்டுவதற்குச் சுறுசுறுப்பான செல்களும் குறைவு. பூசும் மருந்துகளில் எதுவும் வெளுத்த கோட்டைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாற்றுவதில்லை. எரிச்சல் சுற்றுத்தோலைக் கறுக்க வைத்தால் வெளுத்த கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும், அதுதான் நஷ்டம். இன்றே நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் ஈரப்பதக் க்ரீம் மட்டும் போடுங்கள். வெயிலில் காட்டினால் நிறம் சேரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோட்டில் மெலனின் குறைவு என்பதால் சுற்றுத்தோல் மட்டும்தான் கறுக்கும்.

12 கிலோ குறைத்ததால் கோடுகள் கூடவில்லை. முன்பு உள்ளிருந்த கொழுப்பு தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தது. இப்போது தோல் தளர்ந்ததும், எலாஸ்டின் இல்லாத கோடுகள் மற்ற தோலைப் போலச் சுருங்க முடியாமல் மடிந்து சுருக்கமாகத் தெரிகின்றன. எடை குறைப்பதும் வயிற்றுப் பயிற்சியும் கோட்டை எடுக்காது. புதிய கோடு வராமல் இருக்க உதவுவது எடையை நிலையாக வைத்துக்கொள்வது. எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நின்ற பிறகே பணம் செலவழித்துச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் சிகிச்சை செய்த தோலே மறுபடி இழுபடும்.

வெளுத்த கோட்டில் இரண்டு பிரச்சினைகள் தனித்தனியாக இருக்கின்றன: ஒன்று சுருக்கமும் பள்ளமும், மற்றது நிறம். முதலாவதற்கு ஓரளவு தீர்வு உண்டு. உள்தோலில் கட்டுப்பாடான சிறு காயங்களை உண்டாக்கி, ஆறும்போது புதிய கொலாஜன் வரச் செய்வதுதான் எல்லாச் சிகிச்சைகளின் அடிப்படையும். மைக்ரோநீடிலிங் இதை நுண்ணூசிகளால் செய்கிறது; ஃப்ராக்ஷனல் லேசர் வெப்பத்தால் செய்கிறது. வெப்பம் மெலனினைத் தூண்டும். ஆகவே மாநிறம், கருநிறத் தோலில் லேசருக்குப் பின் கறுத்துப்போகும் வாய்ப்பு அதிகம். மேல்தோலையே ஆவியாக்கும் கார்பன் டை ஆக்ஸைடு லேசரில் இது மேலும் கூடும். உங்களுடைய தோல் மாநிறமோ அதற்கு மேலோ என்றால், என் தேர்வு முதலில் ஊசிதான்.

அது நடக்கும் விதம் இப்படி. மரத்துப்போகும் க்ரீமைப் பூசி 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் விடுவார்கள். வயிற்றுத் தோலில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊசிகள் இறங்கும். குத்துப் புள்ளிகளில் பொடிப்பொடியாக ரத்தம் கசிவது ஆழம் சரியாகப் போயிருக்கிறது என்பதற்கான அடையாளம். இரண்டு மூன்று நாள் சிவந்திருக்கும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து முறை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறைக்கும் ஐந்தாம் முறைக்கும் நடுவே 16 வாரம். புதிய கொலாஜன் முதிர இன்னும் 12 வாரமாவது தர வேண்டும். ஆக, ஏழாவது மாதத்தில்தான் பலனைப் பார்த்துச் சொல்ல முடியும். மூன்றாவது முறையிலேயே 'ஒன்றும் ஆகவில்லை' என்று விட்டுவிடுபவர்களும், அதே நாளில் 'நல்ல மாற்றம்' என்று மகிழ்பவர்களும் பார்ப்பது பெரும்பாலும் வீக்கத்தின் விளைவைத்தான். கடைசியில் கோடு இருக்கும். ஆனால் சுருக்கம் குறைந்து, விரலுக்குப் பள்ளம் தெரியாமல், பக்கவாட்டு வெளிச்சத்திலும் மங்கலாகத் தெரியும். முதலில் மறைவான இடத்தில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் ஒரு முறை செய்து, ஆறு வாரம் பொறுத்து, கறுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதை முன்பே சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட தோலில் இந்தச் சிகிச்சை வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும்.

வீட்டில் உருட்டும் ஊசி உருளைகளின் நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள். அது வேண்டிய ஆழத்துக்குப் போகாது. நீளமானதை வாங்கி வீட்டில் உருட்டினால் கிருமி போகும். இரண்டும் வேண்டாம்.

நிறம் கடினமான பகுதி. 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரால் வெளுத்த கோட்டில் நிறம் கொண்டுவர முடியும். ஆனால் பல வாரங்கள் திரும்பத் திரும்பப் போக வேண்டும். விட்டால் சில மாதங்களில் மங்கிவிடும், கோட்டின் ஓரம் மட்டும் கறுக்கவும் செய்யலாம். ஒரு விழாவுக்கோ நீச்சலுக்கோ மட்டும் மறைக்க வேண்டும் என்றால், மேல்தோலின் இறந்த அடுக்கில் சாயம் ஏற்றும் செல்ஃப் டேனர் நல்லது. அதற்கு மெலனின் தேவையில்லை என்பதால் வெளுத்த கோட்டிலும் நிறம் பிடிக்கும். ஐந்தாறு நாளில் போய்விடும். சிறு தூரிகையால் கோட்டில் மட்டும் வைத்து, முதல்நாள் இரவே ஒரு கோட்டில் சோதித்துப் பாருங்கள். கருத்த தோலில் நிறம் சரியாக ஒத்துப்போகாது. அங்கே தண்ணீர்படாத கன்சீலர்தான் பொருந்தும்.

கடைசியாகத் தங்கை. கர்ப்பத்தின் பிற்பாதியில், குறிப்பாக ஏழாவது மாதத்துக்குப் பிறகு, கோடுகள் கூடத்தான் செய்யும். இளவயது, தாய்க்கோ அக்காவுக்கோ இருந்த வரலாறு, குழந்தையின் எடை, தாயின் எடை ஏற்றம் ஆகியவைதான் எவ்வளவு வரும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. 2012-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கோடு வராமல் தடுக்கும் பூச்சுகள் குறித்த ஆறு ஆய்வுகளை, 800 பெண்களின் விவரங்களோடு அலசியது. எந்தப் பூச்சும் தடுக்கிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை. எண்ணெய் தடவினால் அரிப்பும் இறுக்கமும் அடங்கும், அதற்காகத் தாராளமாகத் தடவட்டும். விலையுயர்ந்த டப்பாக்களுக்கு அவசியமில்லை.

அவள் கையில் இருப்பது எடை ஏறும் வேகம்தான். கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்த பெண்ணுக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ கூடுவது இயல்பு; பிற்பாதியில் வாரத்துக்குச் சுமார் 0.4 கிலோ. வாரத்துக்கு ஒரு கிலோ ஏறினால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது கோட்டுக்காக மட்டுமல்ல, திடீர் எடை ஏற்றம் நீர்க்கோர்வையாலும் ரத்த அழுத்தத்தாலும் வரலாம். கோட்டுக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது.

அரிப்பு விஷயத்தில் அவள் கொஞ்சம் கவனமாக இருக்கட்டும். கோடு மட்டும் லேசாக அரித்தால் பரவாயில்லை. கோடுகளின் மேலேயே சிவந்த தடிப்புகள் எழும்பி, தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு, தொடைக்கும் பரவி இரவெல்லாம் அரித்தால் அது கடைசி மாதங்களில் வரும் ஒருவகைத் தோல் அழற்சி. குழந்தைக்குத் தீங்கில்லை. மருத்துவர் தரும் பூச்சில் அடங்கும், பிரசவத்துக்குப் பின் போய்விடும். தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்தால் அது தோல் விஷயமே அல்ல. பித்தநீர் தேங்குவதால் இருக்கலாம், குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பிரசவம் முடிந்ததும் அவள் வயிற்றில் இருப்பது புதுக்கோடுகள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் ட்ரெட்டினாயினைப் பொதுவாகத் தள்ளிவைக்கிறோம், குழந்தையின் தோல் அந்த இடத்தில் படும் என்பதாலும்தான். ஆறாவது வாரப் பரிசோதனையின்போது அளவுகோலோடு ஒரு படம் எடுத்து வைக்கட்டும், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அப்படியே. கருப்பை சுருங்கி, எடையும் இறங்கும்போது பல கோடுகள் தாமாகவே குறுகி மங்குவதை அதில் பார்ப்பாள். பால் நிறுத்திய பின்னும் அழுத்தினால் வெளிறித் திரும்புகிற கோடுகள் மீதமிருந்தால், அடுத்த குழந்தைக்கான யோசனையும் அப்போதைக்கு இல்லையென்றால், உங்கள் மகனுக்குச் சொன்ன அதே முறையில், அதே மெதுவான தொடக்கத்தோடு, அவள் தன் மருத்துவரைக் கேட்டு ஆரம்பிக்கலாம்.